தாளில் உள்ள தொகையை அழித்துவிட்டுத் தானே கணக்குப் போடும் உங்கள் மென்பொருள் பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் கோவையில் நட்டு, போல்ட், வாஷர் மொத்த வியாபாரம் செய்கிறேன். ஸ்கேன் செய்து வரும் பர்ச்சேஸ் ஆர்டரை மென்பொருளுக்குள் போட்டால் பொருள், அளவு, விலை எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து எக்செல்லில் வந்து நிற்கும், இனி யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டாம், சரிபார்க்கவும் வேண்டாம் என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதி கடைக்கே வந்து சொன்னார். நம்பி, ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினேன். அதன் பிறகு போனில் சொல்லி, மின்னஞ்சலில் சொல்லி, நேரிலும் வந்து சொல்லி ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள். இதுவரை உங்கள் ஆட்கள் யாரும் நான் அனுப்பியதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் தொழிலில் போல்ட்டுக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை போடுவது குறைவு, நூற்றுக்கு இவ்வளவு என்றுதான் போடுவோம். அதற்காகவே பர்ச்சேஸ் ஆர்டரில் ரேட்டுக்குப் பக்கத்தில் ‘பெர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். இது உங்களுக்குத் தெரியாத விஷயமாக இருக்க முடியாது. பர்ச்சேஸ் ஆர்டர் படிக்கிற மென்பொருள் விற்கிறீர்கள்.

நான் அனுப்பிய நூற்பாலை ஆர்டரை எடுத்துப் பாருங்கள். முதல் வரி M10 x 50 போல்ட். அளவு 2,400. ரேட் 1,150.00, பெர் 100. தொகை 27,600.00. 24 நூறு, நூறுக்கு 1,150 என்றால் 27,600. தாளில் தெளிவாக அச்சாகியிருக்கிறது. உங்கள் எக்செல்லில் ‘பெர்’ கட்டமே கிடையாது. அளவு 2,400, ரேட் 1,150, தொகை 27,60,000! அந்தத் தொகை தாளில் எங்குமே இல்லை. அச்சில் இருந்த 27,600-ஐத் தூக்கி எறிந்துவிட்டு, அளவையும் ரேட்டையும் தானே பெருக்கி எழுதியிருக்கிறது உங்கள் மென்பொருள்.

இன்னொரு வரி, வாஷர். 12,000 எண்ணம், ஒன்றுக்கு 0.85, தொகை 10,200.00. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்தது, ரிப்பன் மங்கல், ரேட்டில் இருந்த புள்ளி ஸ்கேனில் சரியாக விழவில்லை. மென்பொருள் 85 என்று படித்தது. சரி, மங்கலான புள்ளியை விடுவது எந்த மென்பொருளுக்கும் நடக்கும், அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் இங்கேயும் பெருக்கி 10,20,000 என்று நிரப்பிவிட்டது. தாளில் இருந்த 10,200-ஐ அப்படியே விட்டிருந்தால் நூறு மடங்கு வித்தியாசம் என்று எங்கள் பில்லிங் பெண் பார்த்ததும் பிடித்திருப்பாள். எக்செல்லில் எல்லாமே பெருக்கினால் சரியாக வருகிறது. எதைக் கொண்டு தப்பைக் கண்டுபிடிப்பது? தப்பைக் காட்டிக்கொடுக்கத் தாளிலேயே இருந்த ஒரே சாட்சியை நீங்கள் அழித்துவிட்டீர்கள்.

அந்தக் கோப்பு அப்படியே டாலிக்குப் போய், ஆர்டர் உறுதிக் கடிதமாக ஆலைக்கும் போய்விட்டது. அவர்களுடைய கொள்முதல் அதிகாரி போன் செய்து, “என்ன, போல்ட்டுக்கு 27 லட்சம் கேட்கிறீங்க?” என்று கேட்டபோது என்னால் பேச முடியவில்லை. அப்பா காலத்திலிருந்து கட்டிக்காத்த பெயர் ஒரே நாளில் போனது. அடுத்த ஆர்டர் இன்னும் வரவில்லை. இதில் எனக்கு லட்சக்கணக்கில் நஷ்டம்.

இதைச் சொன்னபோது உங்கள் ஆள் கொடுத்த முதல் பதில், “ஸ்கேன் சரியில்ல சார், 300 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணி அனுப்புங்க.” ஸ்கேன் செய்வது நானா? ஆர்டர் கொடுக்கும் ஆலை செய்து அனுப்புகிறது. இருந்தாலும் ஆலைக்கே போய், ஸ்டோர் அலுவலகத்தில் கெஞ்சி அசல் தாளை வாங்கி, 300 டிபிஐ-யில் எடுத்துப் போட்டேன். வாஷருக்கு 0.85 வந்தது. போல்ட்டுக்கு மறுபடியும் அதே 27,60,000. படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், இல்லாத கட்டத்தில் ‘பெர்’ எப்படி வந்து உட்காரும்?

அப்புறம்தான் ராத்திரி ரயில் பிடித்து உங்கள் சென்னை அலுவலகத்துக்கு வந்தேன். தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து காத்திருந்தேன். முன்மேசையில் இருந்த அந்தத் தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “டிக்கெட் போட்டாத்தான் பார்ப்போம், நேர்ல வந்தா நாங்க என்ன பண்றது?” என்றார். என் புகாருக்கு ஏற்கெனவே கிடைத்திருந்த டிக்கெட் எண்ணைக் காட்டினேன். அது ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டிருந்தது. யார் தீர்த்தது என்று கேட்டதற்கு, “கடையில கால்குலேட்டர் இருக்குமில்ல? ஒருதடவை தட்டிப் பாத்துக்குங்க சார்” என்றார். தட்டிப் பார்க்கவா இவ்வளவு பணம் கட்டினேன்? என் வயதுக்காவது ஒரு நாற்காலி கொடுத்திருக்கலாம். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் தூக்கம் வரவில்லை. அவர் மீது நடவடிக்கை எடுத்ததாக எனக்கு எழுத்தில் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போல்ட் விவரத்தின் இரண்டாவது வரியில் ‘8.8 கிரேடு, ஜிங்க்’ என்று இருக்கும். அதைத் தனிப் பொருளாக எடுத்து, 8.8-ஐ ரேட் கட்டத்தில் போட்டிருக்கிறது. வரிசை எண் இல்லாத வரி மேலே உள்ள பொருளின் தொடர்ச்சி என்பது பில் போடுகிற எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக ‘அப்டேட்’ என்று ஒன்று வந்தது. அச்சில் உள்ள தொகை இப்போது வருகிறது, ஆனால் எண்ணாக இல்லை, எழுத்தாக. கட்டத்தில் இடது பக்கம் ஒட்டி நிற்கிறது. கீழே SUM போட்டால் 0 வருகிறது. ஆர்டரின் மொத்தத்தோடு ஒப்பிட வழியே இல்லை. அனுப்பும் முன் உங்களில் ஒருவராவது கூட்டிப் பார்த்தீர்களா?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அளவு, பெர், ரேட், தொகை நான்கும் தாளில் உள்ளபடியே, எண்களாக வரட்டும். எதையும் நீங்கள் பெருக்கி நிரப்ப வேண்டாம். D-யில் அளவு, E-யில் பெர், F-இல் ரேட், G-யில் தொகை என்று வைத்தால், பக்கத்தில் ஒரே ஒரு சூத்திரம் போதும்:

```
=ROUND(D2*F2/E2,2)-G2
```

0 வந்தால் சரி. வேறு எது வந்தாலும் அந்த வரியைச் சிவப்பாக்குங்கள், அதை மட்டும் தாளோடு ஒப்பிட்டுக்கொள்கிறோம். தள்ளுபடிக் கட்டம் உள்ள ஆர்டருக்கு அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். M8 என்பதை M6 என்று படித்தால் இந்தச் சூத்திரம் பிடிக்காது என்பதும் தெரியும், பொருளின் பெயரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். பணத்தில் தப்பு வரக்கூடாது, அவ்வளவுதான்.

15 நாட்களுக்குள் இதைச் செய்து கொடுங்கள், இல்லையென்றால் சந்தா முழுவதையும் திருப்பிக் கொடுங்கள். இரண்டும் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். வியாபாரத்துக்கு வாங்கியது செல்லாது என்று பதில் எழுத வேண்டாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அதுவரை போகாமல் நீங்களே முடித்துக் கொடுப்பீர்கள் என்றுதான் இன்னும் எதிர்பார்க்கிறேன்.

அசல் ஆர்டரின் நகல், உங்கள் எக்செல் கோப்புகள், மூடப்பட்ட டிக்கெட்டின் பிரதி ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். பதிலைத் தயவுசெய்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் பேச எனக்கு இனித் தெம்பில்லை.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்,
கோயம்புத்தூர்