எங்கள் பேச்சு ‘திருத்தப்பட’ வேண்டியதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு கல்விப் பக்கத்தில், மட்டக்களப்புப் பிள்ளைகள் முதலில் தங்கள் ‘கொச்சைப் பேச்சை’த் திருத்திக்கொண்டால்தான் தமிழ்ப் பாடத்தில் தேறுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கொச்சை எது என்பதை யார், எப்போது முடிவுசெய்தார்கள் என்று தாங்கள் அறியாதவரல்ல.

வையைக்கு வடக்கு, மருதயாற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு. பழைய உரைகாரர்கள் சொன்ன செந்தமிழ் நிலம் இவ்வளவுதான். யாழ்ப்பாணம், சென்னை இரண்டுமே அந்த எல்லைக்கு வெளியே. ஆனாலும் தொல்காப்பியமும் நன்னூலும் வெளியிலுள்ளவர்களின் சொல்லைத் தள்ளிவிடவில்லை. திசைச்சொல் என்று பெயரிட்டு, செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களில் ஒன்றாக ஏற்றன.

திசைச்சொல்லைப் பிழையாக்கியவை அச்சும் பள்ளிக்கூடமும். ஆறுமுக நாவலர் 1848இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், பின்னர் அச்சுக்கூடமும் வைத்தார். பாலபாடமும் நன்னூற் காண்டிகையுரையும் அச்சில் வந்தன. அவருடைய உரைநடையும் யாழ்ப்பாணத்தார் வீட்டில் பேசியதல்ல, எழுதுவதற்கென்று ஒழுங்குசெய்த தமிழ். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தமிழைப் படித்தவர்களே ஊர் ஊராக வாத்தியார்களாக வந்தார்கள். எழுத்துக்கிருந்த மதிப்பு அவர்கள் வாய்ப்பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. அவர்கள் பேசினால் தெளிவு, நாங்கள் பேசினால் நாட்டுப்புறம். 1966இல் கமில் சுவெலபில் என்ற செக் நாட்டு அறிஞர், பேச்சுத் தமிழ்களுள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கி நிற்பது மட்டக்களப்புத் தமிழே என்று எழுதினார். அதற்குப் பிறகும் எங்கள் மதிப்பு உயரவில்லை.

நான் படித்த வகுப்பில், ‘மறுகா வாறன்’ என்ற பிள்ளையை எழுப்பி நிறுத்தி, மற்றவர்களைச் சிரிக்கவிட்டார் ஓர் ஆசிரியர். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வகுப்பில் வாய் திறக்கவேயில்லை. பின்னாளில் நானும் தமிழ் படிப்பித்தேன். கட்டுரையில் ‘பிறகு’ என்று எழுதச் சொல்லிக்கொடுக்க ஒரு பாடவேளை போதும். வாய் மூடிய பிள்ளையைப் பேசவைக்க வருடக்கணக்காகும். ஒற்றுப்பிழையையும் ஊர்ச்சொல்லையும் ஒரே சிவப்பு மையால் வெட்டினால், தன் பிழை எது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் விபுலானந்த அடிகள் எங்கள் காரைதீவில் பிறந்தவர். அவருக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம், அவருடைய ஊர்ப்பிள்ளைகள் பேசினால் முகம் சுளிக்கிறோம்.

நான் கேட்பது சிறிய காரியம். முன்பு தங்கள் பத்திரிகைக்கு அனுப்பிய என் சிறுகதையில் கிழவி சொன்ன ‘கிறுகிப் பாருகா’ என்பது, அச்சில் ‘திரும்பிப் பாரணை’ என்று வந்தது. வாகரைக் கிழவி ஒரே இரவில் வடமராட்சிக்குப் போய்விட்டாள். கதைசொல்லியின் நடையில் எவ்வளவு வேண்டுமானாலும் கை வையுங்கள். பாத்திரங்கள் பேசுவதை மட்டும் எழுதியபடியே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
களுவாஞ்சிக்குடி