தீபாவளிக்கு வரும் அத்தை, மாமா, சித்தி, பெரியப்பாக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெரியவர்களே,

வணக்கம். "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று நீங்கள் கேட்டு முடிக்கும் முன்பே அடுத்த கேள்வி எங்களுக்குத் தெரியும்: "எப்போ கல்யாணச் சாப்பாடு போடப்போறே?"

இதற்குக் கோபித்துக்கொண்டு பயனில்லை. "சாப்பாடுதானே அத்தை, இன்னைக்கு மத்தியானமே போடறேன், எத்தனை வடை வைக்கட்டும்?" என்று இலையை எடுத்தால் நீங்களே சிரித்துவிடுவீர்கள். உங்கள் வார்த்தையையே பிடித்துக்கொண்டு, உங்களை மட்டம் தட்டாமல் நழுவுவதால்தான் இது எடுபடுகிறது. "உங்க பொண்ணுக்குப் பண்ணி வச்ச லட்சணம் தெரியாதா?" என்றாலும் கூடத்தில் சிரிப்பு வரும். ஆனால் சிரிப்பது இளசுகள் மட்டும். உங்கள் முகம் சுண்டிவிடும். அப்புறம் அம்மாதான் போனில் சமாதானம் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்து மாமாக்கள். "கைக்கு எவ்வளவு வருது?" அக்கறைதான், மறுக்கவில்லை. ஆனால் உள்ள தொகையைச் சொன்னால், அது அறைக்கு அறை கொஞ்சம் கூடி, சாயங்காலத்துக்குள் தரகர் காதிலும் கைமாற்று தேடுபவர் காதிலும் விழுந்திருக்கும். எனவே எங்கள் பதில்: "வர்றது தெரியுது மாமா, இஎம்ஐ பிடிச்சப்புறம் எங்க போகுதுன்னுதான் தெரியல. ஆமா, உங்க முதல் சம்பளத்துல என்ன வாங்கினீங்க?" இதில் பின்பாதிதான் உயிர். வெறும் மழுப்பல் என்றால் மாமா திரும்பவும் கேட்பார். கேள்வியை அவர் பக்கம் திருப்பினால், பாட்டிக்கு எடுத்த புடவையில் தொடங்கி தவணையில் வாங்கிய சைக்கிள் வரைக்கும் போவார். நிஜமாகவே சுவையான கதைகள் அவை.

சித்திகளிடம் இவ்வளவு சாமர்த்தியம் தேவையில்லை. "என்னடி இப்படி ஊதிட்டே?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு அதிரசம் வைப்பார்கள். "சாட்சி உங்க கையிலேயே இருக்கு சித்தி" என்றால் போதும்.

ஆனால் எல்லாருக்கும் இப்படி வாய் வராது. தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவள், போன மாதம் வேலை போனவன், குழந்தைக்காக டாக்டர் டாக்டராக அலையும் தம்பதி, இவர்களிடம் "விசேஷம் உண்டா?" என்று கேட்டால், "பார்க்கலாம் பெரியம்மா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போவார்கள். போனவர் சீக்கிரம் திரும்பவில்லை என்றால் கேள்வி எங்கோ பட்டிருக்கிறது என்று அர்த்தம். பின்னாலேயே போய் இன்னொரு தரம் கேட்காதீர்கள்.

நீங்கள் கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. இருபது பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் வேண்டாம். அடுக்களையில் வெங்காயம் உரிக்கும்போது, தனியாக, மெதுவாகக் கேளுங்கள். கூடத்தில் ஜோக்கடித்தவனே அங்கே உள்ளதைச் சொல்லிவிடுவான். சொல்லாவிட்டால் அதையும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், இந்த வருஷம் லேகியம் யார் கிளறுகிறீர்கள் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். போன தடவை எல்லா வீட்டிலிருந்தும் வந்துவிட்டது.

இப்படிக்கு,
கூடத்தில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளில் ஒருத்தி