ஜாமீன் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதை முழுசா படிச்சிடு

கண்ணா,

நேத்து போன்ல நீ சொன்னதுலேர்ந்து மனசு நிலையா இல்ல. உன் ஃப்ரெண்டு பிரிண்டிங் யூனிட் போட 15 லட்சம் லோன் எடுக்கறான், நீ ஜாமீன் போடறேன்னு ஒத்துக்கிட்ட, அது உன் நல்ல மனசு, அதை நான் தப்பு சொல்லல. ஆனா "தாத்தா டெபாசிட் பணம் வாங்கறப்ப நாமெல்லாம் பேங்க்ல இன்டெம்னிட்டி பாண்ட் எழுதிக் கொடுத்தோமேம்மா, அது மாதிரி ஒரு ஃபார்மாலிட்டிதான்"ன்னு சொன்ன பாரு, அதுக்காகத்தான் உட்கார்ந்து எழுதறேன். ரெண்டும் ஒண்ணு இல்லடா. ரிட்டயர் ஆகற வரைக்கும் லோன் செக்‌ஷன்ல இருந்தவ நான், ஜாமீன் போட்டவங்க நோட்டீஸை கையில வச்சுக்கிட்டு கவுன்டர் முன்னாடி நின்னதை நிறைய பாத்திருக்கேன்.

முதல்ல தாத்தா விஷயம். அவர் நாமினி போடாம போயிட்டாரு. கோர்ட்டுல வாரிசுரிமை சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லாம பேங்க் நம்மகிட்டயே பணத்தை கொடுத்துது, அதுக்கு பதிலா நாம என்ன எழுதிக் கொடுத்தோம்? நாளைக்கு வேற யாராவது வாரிசுன்னு வந்து பேங்க் அவங்களுக்கும் பணம் கொடுக்க வேண்டி வந்தா, அந்த நஷ்டத்தை நாங்க ஈடு கட்டறோம்னு. அவ்வளவுதான். இதுல ரெண்டே பார்ட்டி, பேங்க்கும் நாமும். கடன்னு ஒண்ணே கிடையாது. நஷ்டம் வந்தாத்தான் நம்ம பொறுப்பு உயிர் பெறும், அப்படி யாரும் வரலேன்னா அந்த பாண்ட் ஃபைல்ல சும்மா கிடக்கும். 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்துல 124வது பிரிவுல இருக்கறது இதுதான்.

நீ இப்ப போடப்போறது 126வது பிரிவு, கேரண்டி. இதுல மூணு பேரு. கடன் வாங்கறவன் உன் ஃப்ரெண்டு, கொடுக்கறது பேங்க், அவன் கட்டலேன்னா நான் கட்டறேன்னு சொல்றவன் நீ. கடன் ஏற்கனவே நிஜமா இருக்கு, தொகை தெரியும், வட்டி ஓடுது. எங்கேயோ எப்பவோ நஷ்டம் வருமாங்கற கேள்வி இங்க இல்ல, அவன் தவணை தவறினா போதும். அதுக்கு அப்புறம் வர்ற 128வது பிரிவுதான் எல்லாரையும் மாட்ட வைக்கிறது, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும் ஜாமீன்தாரரோட பொறுப்பு கடன்காரனோட பொறுப்புக்கு சரிசமம்னு சொல்லுது. பாதி இல்ல, மிச்சம் மீதி இல்ல, அசல் வட்டி செலவு எல்லாம்.

"முதல்ல அவன்கிட்ட வசூல் பண்ணுவாங்க, முடியலேன்னாத்தானே என்கிட்ட வருவாங்க"ன்னு நீ நினைக்கலாம், எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. அறுபதுகளோட கடைசியில பேங்க் ஆஃப் பீகார் கேஸ் ஒண்ணு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு. கீழ் கோர்ட்டு என்ன சொல்லியிருந்துதுன்னா, கடன்காரர்கிட்ட எல்லா வழியும் பாத்துட்டு அப்புறம்தான் ஜாமீன்தாரர்கிட்ட போகணும்னு. சுப்ரீம் கோர்ட்டு அதை தூக்கிப் போட்டுட்டுது. கடன்காரனை விரட்டி முடிக்கற வரைக்கும் பேங்க் காத்திருக்கணும்னா ஜாமீன் வாங்கறதோட நோக்கமே போயிடும்ங்கறது அவங்க வாதம். அதனால பேங்க் ரெண்டு பேர் மேலயும் ஒரே நாள்ல கேஸ் போடலாம், இல்ல உன் மேல முதல்ல போடலாம். மாசச் சம்பளக்காரன், அட்ரஸ் மாறாதவன், போன் எடுக்கறவன், யாரைப் பிடிக்கறது சுலபம்னு யோசிச்சுப் பாரு.

கணக்கு போட்டே காட்டறேன். 15 லட்சம், அஞ்சு வருஷம், 11 சதவீத வட்டின்னு வச்சா இஎம்ஐ சுமார் 32,600 ரூபா. ரெண்டு வருஷம் ஒழுங்கா கட்டறான், அப்போ பாக்கி ஏறக்குறைய 10 லட்சம். அதுக்கப்புறம் ஒரு பெரிய கஸ்டமர் பணம் தராம இழுக்கறான், இவன் தவணை நிக்குது. 90 நாளைக்கு மேல பாக்கி நின்னா அக்கவுன்ட் என்பிஏ, அதாவது வாராக்கடன் ஆயிடும், அதுக்குள்ள வட்டி சேர்ந்து பத்தேகால் லட்சம் ஆயிருக்கும். முழுப் பணத்தையும் ஒரே தடவையில கட்டுன்னு அவனுக்கும் உனக்கும் தபால்ல நோட்டீஸ் வரும். அந்த லெட்டர்தான் பலபேருக்கு முதல் தகவலே, ஏன்னா தவணை தவறினா மெசேஜ் கடன்காரனுக்குத்தான் போகும், ஜாமீன்தாரருக்கு யாரும் போன் பண்றது வழக்கம் இல்ல.

நீ வீடு எதையும் அடமானம் வைக்கல, வெறும் கையெழுத்துதான்னா, சர்ஃபேசி சட்டத்துல கோர்ட்டுக்கு போகாமலே உன் சொத்தை எடுக்க முடியாது, அந்தச் சட்டம் அடமானம் கொடுத்த சொத்துக்குத்தான். பாக்கி 20 லட்சத்துக்கு கீழ இருக்கறதால பேங்க் கடன் வசூலுக்குன்னே இருக்கற டிஆர்டி ட்ரிப்யூனலுக்கு போகாது, சாதாரண சிவில் கோர்ட்டுதான். கேஸ் நடந்து டிக்ரி ஆனப்புறம் உன் பேர்ல இருக்கற நிலம், வண்டி, பேங்க் பேலன்ஸ் எதையும் அட்டாச் பண்ண மனு போடலாம். அந்த பேங்க்லயே உனக்கு எஃப்டி இருந்தா, பத்திரத்துல இருக்கற ஷரத்தை வச்சு அதை நேரா கடனுக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுவாங்க, கோர்ட்டு வரைக்கும்கூட காத்திருக்க மாட்டாங்க. சம்பளம் இருக்கு பாரு, அதுலயும் கை வைக்கலாம். சிவில் நடைமுறைச் சட்டம் 60வது பிரிவுப்படி முதல் ஆயிரம் ரூபாயும் மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கும் தொட முடியாது. உன் சம்பளம் 76,000ன்னு வச்சுக்கோ, 75,000ல மூணுல ஒரு பங்கு 25,000, அதை மாசாமாசம் உன் கம்பெனியே பிடிச்சு கோர்ட்டுல கட்டும். ஒரே டிக்ரிக்கு 24 மாசம்தான் அப்படி பிடிக்க முடியும், ஆனா அதுவே ஆறு லட்சம் ஆச்சேடா. பிஎஃப் பணத்தை மட்டும் தொட முடியாது.

இதெல்லாம் அவன் தவறினாத்தான். அவன் ஒழுங்கா கட்டினாலும் ஒண்ணு நடக்கும், உன் சிபில் ரிப்போர்ட்ல அந்த லோன் கேரண்டார்னு உன் பேருக்கு நேரா வந்து உட்காரும். அடுத்த வருஷம் நீ ஃப்ளாட்டுக்கு லோன் கேக்கப்போற, அப்ப அந்த பேங்க் இந்த 15 லட்சத்தையும் பாத்துட்டுத்தான் உனக்கு எவ்வளவு தரலாம்னு முடிவு பண்ணும். அவன் லேட்டா கட்டினா அந்தக் கறையும் உன் ரிப்போர்ட்ல தெரியும்.

சட்டம் ஜாமீன்தாரரை அப்படியே கைவிடலை, அதையும் சொல்லணும். நீ பணம் கட்டிட்டா பேங்க்கோட இடத்துல நீ வந்து நிக்கற, அவன்மேல பேங்க்குக்கு இருந்த உரிமை எல்லாம் உனக்கு வரும், கட்டின பணத்தை அவன்கிட்ட திரும்பக் கேக்கலாம். பேங்க் அவன் மெஷினை ஈடா வாங்கியிருந்தா அதுவும் உனக்குத்தான் வரணும், பேங்க் தன் அஜாக்கிரதையால அந்த மெஷினை விட்டுட்டா அந்த மதிப்பு அளவுக்கு உன் பொறுப்பு குறையும். ஜாமீன்தாரர் ரெண்டு பேரா இருந்து நீ மட்டும் முழுசா கட்டினா, இன்னொருத்தர்கிட்ட பாதியை கேக்கலாம். உன் சம்மதம் இல்லாம பேங்க்கும் அவனும் லோன் ஷரத்தை மாத்திக்கிட்டா, அதுக்கப்புறம் நடக்கறதுக்கு நீ பொறுப்பில்லைன்னும் இருக்கு. ஆனா பேங்க் வெறுமனே கொஞ்ச நாள் கேஸ் போடாம சும்மா இருந்ததால மட்டும் நீ தப்பிச்சுட முடியாது.

கேக்க நல்லாருக்கும், ஆனா பேங்க் அச்சடிச்சு வச்சிருக்கற கேரண்டி பத்திரத்துல இந்த உரிமைகள்ல பலதையும் நீ விட்டுக்கொடுக்கறதா எழுதியிருப்பாங்க. வட்டிய மாத்தலாம், டைம் கொடுக்கலாம், ஈடா இருக்கற சொத்தை விடலாம், எதுக்கும் என்னைக் கேக்க வேண்டாம்னு. அதுலயே இன்னொரு வரி இருக்கும், என்னை முதல் கடன்காரனாவே பாவிக்கலாம், ஏதாவது காரணத்தால கடன் ஒப்பந்தம் செல்லாம போனாலும் பேங்க்குக்கு வர்ற நஷ்டத்தை நான் ஈடு கட்டறேன்னு. பாத்தியா, கேரண்டி பத்திரத்துக்குள்ளயே இன்டெம்னிட்டியையும் நுழைச்சுடறாங்க. ஏன்னா கேரண்டி அசல் கடனைச் சார்ந்து நிக்கறது, கடனே செல்லலேன்னா ஜாமீனும் ஆட்டம் காணும். இன்டெம்னிட்டி தனியா நிக்கும். ரெண்டையும் சேர்த்து வாங்கிட்டா பேங்க்குக்கு எந்தப் பக்கமும் ஓட்டை இல்ல.

ஒரு வருஷம் கழிச்சு விலகிக்கிடறேன்னு நினைக்காத. வேணுங்கறப்ப எடுத்து எடுத்து கட்டற கேஷ் கிரெடிட் மாதிரி தொடர்ந்து ஓடற கணக்குக்கு போட்ட ஜாமீனைத்தான் நோட்டீஸ் கொடுத்து நிறுத்தலாம், அதுவும் இனிமே எடுக்கற பணத்துக்கு மட்டும். ஒரே தடவையில கொடுத்து முடிச்ச டெர்ம் லோனுக்கு அந்த வழி கிடையாது, பேங்க் மனசு வச்சு உன்னை விடுவிச்சாத்தான் உண்டு.

அவனுக்கு உதவணும்னா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, சிஜிடிஎம்எஸ்இ ஸ்கீம்ல லோன் கொடுங்கன்னு அவன் பேங்க்ல கேக்கட்டும், சின்னத் தொழிலுக்கு அதுல அந்த ஸ்கீமை நடத்தற ட்ரஸ்ட்டே பேங்க்குக்கு கேரண்டி நிக்கும், மூணாவது ஆள் ஜாமீன் வேண்டாம், அதுக்கு கட்டற ஃபீஸ் உன் தலைமேல வர்ற பத்து லட்சத்தை விட எவ்வளவோ சின்னது. இல்ல பேங்க் ஜாமீன் கேட்டே தீருவோம்னா, உன் பொறுப்பு அஞ்சு லட்சம் வரைக்கும்தான், அதுவும் இந்த ஒரு லோனுக்கு மட்டும்தான்னு பத்திரத்துல எழுதச் சொல்லு. அவன் இப்போ வாங்கற, இனிமே வாங்கப்போற எல்லாக் கடனுக்கும்னு இருந்தா கை வைக்காத. தொகை, லோன் நம்பர் கட்டம் காலியா இருக்கற ஃபாரத்துல யார் சொன்னாலும் கையெழுத்து வேண்டாம், அப்புறமா ஃபில் பண்ணிக்கிறோம்பாங்க.

போட்டுட்டேன்னா அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கி எவ்வளவுன்னு பேங்க்கை எழுத்துல கேளு, சிபில் ரிப்போர்ட்டை அடிக்கடி எடுத்துப் பாரு, ஒரு தவணை லேட்டுன்னு தெரிஞ்ச உடனே அவன்கிட்ட பேசு. ஒரு தவணைங்கறது 32,000 விஷயம், மூணு தவணை தாண்டினா முழுக் கடன் விஷயம் ஆயிடும்.

பேங்க்ல டிராஃப்ட் பத்திரம் கொடுப்பாங்க, கேட்டு வாங்கு. ஒரு பக்கம் விடாம போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, நான் படிச்சுட்டு சொல்ற வரைக்கும் தேதி வாங்கிக்கோ.

அம்மா