முன்பின் அறியாதவரிடம் 15 நிமிடம் கேட்பது குறித்து

லாஸ்பேட்டை,
புதுச்சேரி.

அன்பு மகள் கயல்விழிக்கு,

உன் கல்லூரியில் உனக்கு முன்னால் படித்து, இப்போது கடலூர் சிப்காட்டில் ஒரு ஆலையின் சுற்றுச்சூழல் பிரிவில் இருக்கும் அம்மையாருக்கு லிங்க்ட்இன் வழியாக அனுப்ப நீ எழுதிய வரைவைப் படித்தேன். "தங்கள் நிறுவனத்தில் வாய்ப்பு இருந்தால் தெரிவியுங்கள், என் பயோடேட்டாவை இணைத்துள்ளேன்" என்று முடித்திருக்கிறாய். ஆளெடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், அந்த வரியைக் கண்டதும் அவர் உன்னை மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார், இல்லையென்றால் பதிலே எழுதமாட்டார். வேலை கொடுப்பது அவர் கையில் இல்லை. ஆய்வகத்தில் இருக்கும் ஒருத்தி கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பக்கம் வந்தால் அன்றாடம் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதை அவரைப்போல் வேறு யாரும் சொல்ல முடியாது. அதை மட்டும் கேள்.

இணைப்புக் கோரிக்கையோடு எழுதும் குறிப்புக்கு இடம் மிகக் குறைவு என்பதால், அதில் எந்தக் கல்லூரி, எதற்காக என்ற இரண்டு வரி போதும். அவர் ஏற்றுக்கொண்ட பிறகு இப்படி எழுதலாம்:

"வணக்கம் மேடம். தாங்கள் படித்த கல்லூரியிலேயே வேதியியல் முடித்து, சென்னையில் நீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். தாங்களும் ஆய்வகத்தில் தொடங்கி ஆலைப் பணிக்கு மாறியதைத் தங்கள் பக்கத்தில் பார்த்தேன். அந்த மாற்றத்தில் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது எது என்று தங்களிடம் கேட்டறிய விரும்புகிறேன். அடுத்த வாரம் செவ்வாய் அல்லது வியாழன் மாலை 6 மணிக்கு மேல் 15 நிமிடம் தொலைபேசியில் பேச இயலுமா? வசதிப்படாவிட்டால் எழுத்தில் இரண்டு வரி பதில் தந்தாலும் போதும்."

அவருடைய பணி வரலாற்றில் நீ கவனித்த ஒன்றை இதில் குறிப்பிட்டிருப்பதால், நூறு பேருக்கு அனுப்பிய கடிதமாக இது தோன்றாது. நாளும் நேரமும் சொல்லிவிட்டதால் அவர் "சரி, வியாழன்" என்று எழுதினால் முடிந்தது. "தங்களுக்கு வசதியான நேரத்தில்" என்று விட்டால் யோசிக்கும் சுமை அவர்மேல் விழும், செய்தியும் அப்படியே கிடந்துவிடும்.

கேள்வியையும் பார்த்துத் தேர்ந்தெடு. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும் என்பதை நீயே படித்துக்கொள்ளலாம். அந்த விண்ணப்பத்துக்கான கணக்குகளைத் தொடக்கநிலையில் இருப்பவர் தயாரிப்பாரா, அவர் தினமும் சுத்திகரிப்பு நிலையத்தில் நிற்பாரா, கணினி முன் உட்காருவாரா என்பதெல்லாம் சட்டப் புத்தகத்தில் இருக்காது. அவரிடம் கேட்க வேண்டியது அதுதான்.

ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒருமுறை சுருக்கமாக நினைவூட்டு, அதற்குமேல் எழுதாதே. ஆலையில் ஆய்வு நடக்கும் நாட்களில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பேச்சு அமைந்தால் 15-வது நிமிடத்தில் நீயே நேரத்தை நினைவுபடுத்தி, இதைப்பற்றி வேறு யாரிடம் பேசலாம் என்று கேட்டு முடித்துக்கொள். அவராகக் கேட்டால் மட்டும் பயோடேட்டா அனுப்பு. அன்று இரவே, அவர் சொன்னவற்றில் உனக்கு உதவிய ஒன்றைக் குறிப்பிட்டு நன்றி எழுதிவிடு.

திருத்திய வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா