வியாழக்கிழமை இன்டர்வியூவுக்கு முன்னால்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனைப் பாதியில் வைத்துவிட்டாய். "வேலைக்கு எடுக்கிற பையனுக்கு ஒரே நாள்ல அஞ்சு ரவுண்டு, நாலு மேனேஜர், எவனும் நேரம் தரமாட்டேங்கிறான்" என்று சொன்னது மட்டும் காதில் நிற்கிறது. உன்னைப் போலவே முப்பது வருஷம் கம்பெனிக்கு ஆள் எடுத்தவன் நான், அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன். அம்மா வேறு ஏதோ கேட்கச் சொன்னாள், அது கிடக்கட்டும்.

நீ ஐந்து ரவுண்டையும் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு முதல் ஆளிடமிருந்து நேரம் கேட்டுக்கொண்டு போகிறாய் என்று நினைக்கிறேன். அப்படிப் போனால் நாலாவது ஆள் வரும்போது எல்லாம் கலைந்துவிடும். யாருக்கு நேரம் மிகக் குறைவோ அவரை முதலில் பிடி. உன் கதையில் அது கலிபோர்னியாவில் இருப்பவர். அவரைச் சாயங்காலம் 7.30-க்கு வைப்பதுதான் வழக்கம் என்றாய். இதுவரை சரி, நமக்கு 7.30 என்றால் அவருக்குக் காலை 7. ஆனால் நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள், உன் வியாழன் அதற்குப் பிறகுதானே வருகிறது? அழைப்பை நம் நேரத்தில் போட்டிருந்தால் அவருக்குக் காலை 6, வரமாட்டார். அவர் நேரத்தில் போட்டிருந்தால் இங்கே 8.30 ஆகிவிடும், காலையிலிருந்து பேசிப் பேசிக் களைத்த பையன் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். அதைவிட அவரையே முதல் ரவுண்டாக்கிவிடு. வியாழன் காலை 10.30 என்பது அவருக்குப் புதன் இரவு 9. அதற்குச் சம்மதிக்கிறாரா என்று கேள். அவர் ஒத்துக்கொண்டால் மற்றவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள்தான். 11.45-க்கு இரண்டாவது, அப்புறம் சாப்பாட்டுக்கு முழுசாக ஒரு மணி நேரம், 2 மணிக்கு, 3.15-க்கு, கடைசியாக 4.30-க்கு உங்கள் ஹெச்ஆர். நடுவில் விட்டிருக்கிற கால் மணி நேரத்தை யார் கேட்டாலும் கொடுக்காதே. ஒருவர் பத்து நிமிஷம் தாமதித்தால் அதுதான் அடுத்தவரைக் காப்பாற்றும்.

நீயும் அந்த ஒரு மணி நேரத்தில் சாப்பிடு. போன மாதம் பார்த்தபோது கை எலும்பு தெரிந்தது.

ஒவ்வொரு ரவுண்டுக்கும் மாற்று ஆள் ஒருவரின் பெயரை இப்போதே வாங்கி வை. அன்றைக்குக் காலையில் "அவசர மீட்டிங்" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். பையன் லீவு போட்டுவிட்டு வருகிறான், இன்னொரு நாள் லீவு கேட்டால் அவன் மேனேஜருக்குச் சந்தேகம் வந்துவிடும். அதற்காகத்தானே ஒரே நாள்.

யார் எதைக் கேட்பது என்பதை நீயே எழுதி அனுப்பு. இல்லாவிட்டால் நாலு பேரும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றே ஆரம்பிப்பார்கள், அதிலேயே அரை நாள் போய்விடும். முதல் இரண்டும் தேறாவிட்டால் சாப்பாட்டோடு நிறுத்திவிடலாம் என்று மேனேஜர்களிடம் முன்கூட்டியே பேசி வை, பையனிடமும் காலைப் பகுதி, மதியப் பகுதி என்று பிரித்தே சொல்லி வை. அப்போது பாதியில் அனுப்பினாலும் அவமானமாக இருக்காது.

சாயங்காலம் கூடிப் பேசுவதற்கு முன்னால் அவரவர் கருத்தை அவரவர் எழுதி முடிக்கட்டும். பேசிவிட்டு எழுதினால் குரல் பெரியவர் சொன்னதையே நாலு பேரும் எழுதுவார்கள், நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இரண்டு மேனேஜர்கள் தங்கள் டீமுக்கு இந்தப் பையனையே கேட்டால் யாருக்கு முதல் உரிமை? அதை வியாழனுக்கு முன்னால் கேட்டு வை. அன்று ராத்திரி கேட்டால் சண்டைதான், அவர்கள் முடிவெடுப்பதற்குள் பையன் வேறு கம்பெனி ஆஃபரை வாங்கிக்கொண்டு போய்விடுவான். மூன்று மாத நோட்டீஸ் இருக்கிறவனுக்கு வழியில் எத்தனையோ ஆஃபர் வரும்.

உன்னைப் பற்றிச் சித்தப்பாவிடம் பெருமையாகத்தான் பேசினேன், தனியாக இவ்வளவு செய்கிறாள் என்று. தனியாக என்றதும் அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சம்பந்தி வீட்டிலிருந்தும் இரண்டு தடவை போன் வந்தது, உனக்கு வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஊர் ஊராக மேனேஜர்களுக்கு நேரம் ஒதுக்குகிறாய், வீட்டுக்குப் பத்து நிமிஷம் இல்லையா? சரி, விடு. கலிபோர்னியாக்காரரை மறந்துவிடாதே, 10.30.

தீபாவளிக்குக் கோயம்புத்தூர் டிக்கெட் போட வேண்டும். ஒன்றா இரண்டா என்று மட்டும் மெசேஜ் அனுப்பு. ஒன்று என்றாலும் போட்டுவிடுகிறேன், ஏன் என்று கேட்க மாட்டேன்.

அப்பா