இங்கிலாந்தும் ஜாவாவும் ஒரே அளவு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் நடுப்பக்கத்தில் வந்த உலக மக்கள் அடர்த்திப் படத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஐந்து லட்சம் பேருக்கு ஒரு புள்ளி என்று கணக்கிட்டு, உழைத்துப் போட்டிருக்கிறீர்கள். புள்ளிகளின் எண்ணிக்கையில் குறையில்லை. அவை விழுந்திருக்கும் அடிப்படம், துருவத்தை நோக்கிப் போகப் போகப் பரப்பை ஊதிக் காட்டும் மெர்கேட்டர் என்பதுதான் குறை.

இங்கிலாந்தையும் ஜாவாவையும் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ 1.3 லட்சம் சதுர கி.மீ. (நம் தமிழ்நாடும் அதே பரப்புதான்.) 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்தில் 5.65 கோடிப் பேர். 2020 கணக்கெடுப்பில் ஜாவாவில் 15.16 கோடி. அதாவது 113 புள்ளிகளும் 303 புள்ளிகளும். ஜாவாவின் நெரிசல் 2.7 மடங்கு. ஆனால் மெர்கேட்டரில், 52 பாகை வடக்கே இருக்கும் இங்கிலாந்தின் பரப்பு 2.6 மடங்குக்கு ஊதிவிடுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஜாவா ஏறக்குறைய உள்ளபடியே நிற்கிறது. இங்கிலாந்தின் புள்ளிகள் விலகி விலகி விழுவதால் வித்தியாசம் ஏழு மடங்காகக் கண்ணில் படுகிறது.

உருண்டை உலகைத் தட்டைத் தாளில் விரிக்கும் முறைதான் கோட்டுச்சட்டம். புள்ளிப்படத்துக்குச் சமபரப்புக் கோட்டுச்சட்டம்தான் வேண்டும். அதில் பரப்பு தப்பாது. அதற்கு விலையாக வடிவம் கெடும். எங்கே கெடலாம் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கால்–பீட்டர்ஸ் என்ற சமபரப்புப் படத்தில் நிலநடுக்கோட்டருகே தெற்கு வடக்கு நீளம், கிழக்கு மேற்கைவிட இரண்டு மடங்காக இழுபடும். ஒல்லியாகக் கிடக்கும் ஜாவா குட்டையாகித் தடித்துவிடும். புள்ளிகளும் மேலும் கீழுமாக வரிசை கட்டும். மக்கள் மிகுதியாக வாழும் வெப்பமண்டலத்தில் இப்படி ஆவதால் அதை நான் எடுக்க மாட்டேன். மோல்வைடு என்ற இன்னொரு சமபரப்புப் படத்தில் நடுப்பகுதி பரவாயில்லை. ஓரத்தில் உள்ள ஜப்பானும் நியூசிலாந்தும் சாய்ந்துவிடும். 2018இல் வந்த ஈக்வல் எர்த் படத்தில் நிலநடுக்கோட்டருகே நாடுகள் சற்றே நீளும், துருவத்தருகே நன்றாகத் தட்டையாகும். துருவத்தில் வைக்கப் புள்ளியே அதிகம் இல்லை என்பதால் நான் இதைத்தான் சொல்வேன்.

ராபின்சன் படம் அழகாக இருக்கிறதே என்று யாராவது நீட்டினால் கிரீன்லாந்தையும் காங்கோ ஜனநாயகக் குடியரசையும் ஒப்பிடச் சொல்லுங்கள். உண்மையில் காங்கோதான் சற்றுப் பெரியது. படத்தில் கிரீன்லாந்து பெரிதாக இருந்தால் அது சமபரப்புப் படம் அல்ல.

இன்னொன்று. மையத்தைக் கிரீன்விச்சில் வைத்தால் ரஷ்யாவின் கிழக்கு முனை வெட்டுப்பட்டு, படத்தின் மறுகோடியில் அலாஸ்காவுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மென்பொருளில் `+proj=eqearth +lon_0=11` என்று கொடுக்கச் சொல்லுங்கள். மையம் 11 பாகை கிழக்குக்கு நகரும். வெட்டு பேரிங் நீரிணையில் விழும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்