உறையில் கோவில்பட்டி, அடுப்பு காவேரிப்பட்டணத்தில்: நெடுஞ்சாலைத் தின்பண்டக் கடைக்காரர்களுக்கும் கடலைமிட்டாய் செய்யும் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஓசூரிலிருந்து தொப்பூர் வரை சாலையின் இருபுறமும் உள்ள கடைகளில் ‘புவிசார் குறியீடு பெற்றது’ என்ற வாசகம் கடலைமிட்டாய், பால்கோவா, கருப்பட்டி, மலைப்பூண்டு என்று பலவற்றின் மேலும் இருக்கிறது. குறிப்பிட்ட ஊரில் உருவான பண்டத்துக்கே அந்த ஊர்ப் பெயர் உரியது என்று சட்டப்படி செய்யும் பதிவுதான் இந்தக் குறியீடு. இவற்றில் கோவில்பட்டி கடலைமிட்டாயை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறோம். நம் பக்கத்தில் நிலக்கடலையும் விளைகிறது, வெல்லமும் காய்ச்சுகிறார்கள். அதனால் இங்கேயே செய்து அந்த ஊர்ப் பெயரில் விற்கும் ஆசை இந்தப் பண்டத்தில்தான் அதிகம் வருகிறது.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பித்தது அந்த ஊர் உற்பத்தியாளர்கள், விற்பனையாளர்களின் சங்கம். இப்படிப் பதிவான பெயருக்கு உரிமையாளர் என்று ஒரு அமைப்பு இருக்கும். அந்தப் பெயரைத் தன் பண்டத்தில் போட்டுக்கொள்ள ஒவ்வொரு உற்பத்தியாளரும் தனியாக ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். இதற்கான விண்ணப்பக் கட்டணத்தை 2020-ல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே உண்மையான உற்பத்தியாளருக்குச் செலவு ஒரு தடையே அல்ல. பதிவில் வரையறுத்த எல்லைக்குள் அவர் பண்டத்தைச் செய்கிறாரா என்பதுதான் கேள்வி.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. ‘கோவில்பட்டியில் என் மச்சானுக்குச் சான்றிதழ் இருக்கிறது, அவர் பெயரில் நான் இங்கே போட்டுக்கொள்கிறேன்’ என்கிறார்கள். அது செல்லாது. 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு புவிசார் குறியீட்டை விற்கவோ, அடகு வைக்கவோ, உரிமம் கொடுத்து வாடகைக்கு விடவோ இடம் கொடுப்பதில்லை. மச்சானின் சான்றிதழ் மச்சான் அங்கே செய்யும் பண்டத்துக்கு மட்டும்தான். தருமபுரியில் காய்ச்சிய பாகுக்கு அது பொருந்தாது. கோவில்பட்டியிலிருந்தே மாஸ்டரை வரவழைத்து, அதே பதத்தில் பாகு எடுத்தாலும் பொருந்தாது. ‘கோவில்பட்டி வகை’ என்று சின்ன எழுத்தில் சேர்த்துக்கொள்வதையும் நாங்கள் ஏற்கமாட்டோம். பண்டம் வேறொரு ஊரிலிருந்து வந்தது போலத் தோன்றும்படி காட்டி வாங்குபவரை ஏமாற்றுவதையே சட்டம் மீறலாகப் பார்க்கிறது. ஓடும் பேருந்திலிருந்து இறங்கி வருபவர் கண்ணில் படுவது பெரிய எழுத்துதான்.

விற்பவருக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. அது பலருக்குத் தெரிவதில்லை. பதிவு பெற்ற உற்பத்தியாளரிடம் பில் போட்டு வாங்கிய பொட்டலத்தை அப்படியே விற்கும் கடைக்காரர் தனியாகப் பயனாளர் பதிவு எடுக்கத் தேவையில்லை. முறையாக வாங்கிய சரக்கை மறுபடி விற்பது மீறல் அல்ல. சிக்கல் தொடங்குவது மொத்தமாக டின்னில் வாங்கி, கடையிலேயே பிரித்துச் சொந்த உறையில் போடும்போதுதான். பேட்ச் எண் அறுந்துபோகிறது. பழைய டின்னில் மிச்சமிருந்ததும் புதியதும் கலக்கின்றன. சரக்கு குறைந்த வாரத்தில் உள்ளூர்ச் சரக்கு அதே உறைக்குள் போகிறது. அதன் பிறகு எது எங்கே செய்தது என்று கடைக்காரராலேயே சொல்ல முடியாது. ஆகவே மூல உறையோடு விற்பதே நல்லது. பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் உற்பத்தியாளரின் எழுத்துச் சம்மதம் வாங்கி, செய்தவர் யார், பொட்டலம் கட்டியவர் யார் என்று இரண்டு முகவரியையும் போட்டு, எந்தப் பில்லின் சரக்கு எந்தத் தேதியில் எத்தனை பொட்டலமானது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்? 200 கிராம் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் கோவில்பட்டி என்ற பெயரும் புவிசார் குறியீட்டு இலச்சினையும் இருக்கின்றன. பின்பக்கம் ‘விற்பனை’ என்று கிருஷ்ணகிரி முகவரி ஒன்று மட்டும் இருக்கிறது, செய்தவர் பெயர் இல்லை. முதல் சந்தேகம் இங்கேயே வர வேண்டும். அடுத்து 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், அதாவது உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் அல்லது பதிவின் எண். மாநில உரிமமானால் முதல் இலக்கம் 1, சிறு உற்பத்தியாளரின் பதிவானால் 2. அதையடுத்து வரும் 24 தமிழ்நாட்டைக் குறிக்கும். கோவில்பட்டிக்கும் கிருஷ்ணகிரிக்கும் அது ஒன்றுதான், எனவே எண்ணைப் பார்த்து மட்டும் ஊரைச் சொல்ல முடியாது. foscos.fssai.gov.in தளத்தில் FBO Search என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருக்கு, எந்த முகவரிக்கு என்று வரும். காவேரிப்பட்டணம் என்று வந்தால், அந்த எண்ணுக்குரிய அடுப்போ பொட்டலம் கட்டும் இடமோ அங்கே இருக்கிறது. கடைக்காரர் ‘நாங்கள் கட்டுவது மட்டும்தான், செய்வது கோவில்பட்டியில்’ என்றால், செய்தவர் பெயரையும் வாங்கிய பில்லையும் கேளுங்கள். அந்தப் பெயர் பயனாளர் பட்டியலில் இருக்கிறதா என்று புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் பக்கத்தில் பாருங்கள்: search.ipindia.gov.in/GIRPublic.

அதே பக்கத்தில் பெயரின் நிலையையும் பார்க்கலாம். Registered என்று இருந்தால்தான் பதிவானது. விண்ணப்பம் கொடுத்தது, ஆய்வில் இருப்பது, பதிவகத்தின் இதழில் வெளியாகி ஆட்சேபத்துக்காகக் காத்திருப்பது எதுவும் பதிவு அல்ல. வெளியான பிறகு ஆட்சேபிக்க 3 மாதம், கேட்டால் மேலும் 1 மாதம் வரை உண்டு. விண்ணப்பம் போனது என்ற செய்தி நாளிதழில் வந்த மறுநாளே மாம்பழப் பெட்டியில் ‘புவிசார் குறியீடு’ அச்சடிப்பது எந்தப் பண்டத்துக்கும் பொய்தான். பதிவானதும் 10 ஆண்டுக்குத்தான் செல்லும், புதுப்பிக்க வேண்டும்.

நாக்கில் வைத்து ஊரைக் கண்டுபிடிக்கலாம் என்று யாரும் நம்ப வேண்டாம். பொருட்பட்டியல்தான் அதைவிட உதவும். எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. வெல்லமும் கடலையும் என்று முன்பக்கம் சொல்லிவிட்டு, பட்டியலில் குளுக்கோஸ் பாகு முன்னால் நின்றால் அது முன்பக்கத்தில் சொன்ன பண்டம் அல்ல. ஆனால் பட்டியல் சரியாக இருப்பதும் ஊரை நிரூபிக்காது. புவிசார் குறியீடு இயற்கை விவசாயச் சான்றும் அல்ல, உணவுப் பாதுகாப்புச் சான்றும் அல்ல.

பொய்யாகக் குறியீட்டைப் போட்டதாக நிரூபணமானால் அதே 1999 சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வாங்கி ஏமாந்தவர்கள் பொட்டலத்தையும் பில்லையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலோ நுகர்வோர் உதவி எண் 1915-லோ சொல்லலாம்.

மகளிர் குழுக்களுக்குத் தனியாக ஒன்று. பாலக்கோட்டுப் பக்கத்து வெல்லமும் நம் மானாவாரிக் கடலையும் போட்டுச் செய்ததை ‘தருமபுரி கடலைமிட்டாய்’ என்று எழுதி, இலச்சினை இல்லாமல் விற்பதில் எந்தத் தடையும் இல்லை. வெல்லம் வாங்கிய பில்லை வைத்துக்கொள்ளுங்கள், பாலக்கோட்டு வெல்லம் என்று உறையில் எழுதியிருந்தால், வேறு ஊர் வெல்லம் வந்த வாரத்தில் அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். கோவில்பட்டி என்று ஏற்கெனவே அச்சடித்த உறைகள் மிச்சமிருந்தால், பெயரும் இலச்சினையும் முழுவதும் மறையும்படி ஒட்டுச்சீட்டு ஒட்டுங்கள். ஓரம் பிய்ந்து பழைய எழுத்து தெரிந்தால் அது கடையில் வைக்கக்கூடாத பொட்டலம்தான். வாசல் பலகையையும் அதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
உணவுப் பொட்டல லேபிள், புவிசார் குறியீட்டு விண்ணப்ப வேலைகளைச் செய்யும் சிலர்,
தருமபுரி